தெப்பக்குளத்தின் மூலைவிட்டம்: பிழைக்கு எந்த மேல்வரம்பை எடுப்பது?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 1000 அடி நீளம், 950 அடி அகலம் என்று சொல்வார்கள். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நீர்மட்டத்தின் மேல் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் அது எத்தனை அடி? மாலையில் என்னிடம் கணிதம் படிக்க வரும் இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கு நான் கொடுத்த கணக்கு இது. கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானைத் தொடக்கூடாது. டெய்லர் பல்லுறுப்புக்கோவையின் இரண்டாம் படி வரை எடுத்து விடை சொல்ல வேண்டும். அந்த விடையில் பிழை எவ்வளவுக்கு மேல் போகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

விடை இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. பிழையில்தான் தகராறு. திருப்புவனத்திலிருந்து பஸ்ஸில் வரும் பையன் 0.81 மில்லிமீட்டர் என்றான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெண் 0.67 மில்லிமீட்டர் என்றாள். "சார், என்னுடைய எண்தானே சிறியது? அப்படியென்றால் என்னுடைய வரம்புதானே நல்லது?" என்று கேட்டாள்.

உண்மையான பிழை 0.686 மில்லிமீட்டர். அவள் சொன்ன வரம்பு உண்மையைவிடச் சிறியதாகிவிட்டது. எனவே அதை வரம்பு என்றே சொல்ல முடியாது. அவள் எங்கே வழுக்கினாள், பையன் எவ்வளவு அதிகம் கொடுத்தான், வேறு வழியில் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அன்று மாலை முழுவதும் பேசினோம். எந்த முறையை எப்போது எடுப்பது என்று பலரும் என்னிடம் கேட்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் உறுதி. உண்மையான பிழை ஒருபோதும் வரம்பைத் தாண்டக்கூடாது. இது இல்லாவிட்டால் மற்றவற்றைப் பேசவே தேவையில்லை. அடுத்தது நெருக்கம். பிழை ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது பத்து மீட்டர் என்று வரம்பு சொல்வது பொய் ஆகாது. ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. மூன்றாவது உழைப்பு. வரம்பைக் கண்டுபிடிக்க எத்தனை வகைக்கெழு எடுக்க வேண்டும், அதற்குத் தேவைப்படும் மதிப்பு ஏதாவது நாம் தேடிக்கொண்டிருக்கும் விடையாகவே இருந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். நான்காவது பரப்பு. கிடைக்கும் வரம்பு ஒரு புள்ளிக்கு மட்டுமா, ஓர் இடைவெளி முழுவதற்குமா?

## கணக்கு

மூலைவிட்டம் 1000 × √(1 + 0.95²), அதாவது 1000 × √1.9025 அடி. 1.9025-க்கு அருகில் வர்க்கமூலம் நமக்குத் தெரிந்த ஓர் எண் வேண்டும். மாணவர்கள் 1.96-ஐ எடுத்தார்கள்; அதன் வர்க்கமூலம் 1.4. 1.96-தான் மையம். மையத்திலிருந்து நாம் போக வேண்டிய தூரம் 0.0575, அதுவும் இடப்பக்கமாக.

```
√1.9025 ≈ 1.4 − 0.0575/(2·1.4) − 0.0575²/(8·1.4³)
        = 1.4 − 0.0205357 − 0.0001506
        = 1.3793137
```

மூலைவிட்டம் ஏறத்தாழ 1379.3137 அடி. இனி பிழைக்கு வருவோம்.

## லெக்ராஞ்சி மீதி உறுப்பின் அசமன்பாடு

இரண்டாம் படியில் நிறுத்தினால், விட்டுப்போன மீதி மூன்றாம் வகைக்கெழுவால் அளக்கப்படுகிறது. விதி இதுதான்:

```
|R2| ≤ M · |x − a|³ / 3!
```

இதில் M என்பது, மையத்துக்கும் நம் புள்ளிக்கும் இடையே எங்கே நின்று பார்த்தாலும் மூன்றாம் வகைக்கெழுவின் அளவு தாண்டாத ஓர் எண். "எங்கே நின்று பார்த்தாலும்" என்ற சொற்களில்தான் அந்தப் பெண் தவறவிட்டாள். √x-இன் மூன்றாம் வகைக்கெழு 3/(8·x^(5/2)). அவள் மையத்திலேயே அதன் மதிப்பை எடுத்தாள். 1.4-இன் ஐந்தாம் அடுக்கு 5.378 என்பதால் M = 0.0697 என்று வந்தது. அதை 6-ஆல் வகுத்து 0.0575-இன் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்கினால் 0.00000221. ஆயிரம் அடிக்கு அது 0.67 மில்லிமீட்டர்.

ஆனால் x குறையக் குறைய இந்த வகைக்கெழு பெரிதாகிறது. நாம் 1.96-லிருந்து 1.9025-க்கு இடப்பக்கமாக நடக்கிறோம். ஆகவே அதன் உச்சம் மையத்தில் இல்லை, நடந்துபோய்ச் சேரும் கோடியில் இருக்கிறது. மையத்தில் எடுத்த M மிகச் சிறிய M. அதை வைத்துக் கிடைப்பது ஒரு நல்ல மதிப்பீடு, அவ்வளவுதான், மேல்வரம்பு ஆகாது. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வகைக்கெழு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு M-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைத்தாளில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் அடுத்த வரியைப் பார்ப்பதற்குமுன் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன்.

சரி, உச்சம் 1.9025-இல் என்று தெரிந்துவிட்டது. அங்கே 1.9025^(5/2) வேண்டும். அதற்கு √1.9025 வேண்டும். அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! இந்த முறையின் மறைந்திருக்கும் செலவு இதுதான். பையன் இதிலிருந்து தப்பித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. 1.35-இன் வர்க்கம் 1.8225, அது 1.9025-ஐவிடச் சிறியது. வகைக்கெழு இடப்பக்கம் போகப் போக ஏறுவதால், 1.8225-இல் அதன் மதிப்பு நம் இடைவெளியில் இருக்கும் எல்லா மதிப்புகளையும் தாண்டி நிற்கும். அதாவது உண்மையான உச்சத்தைத் தேடாமல், அதற்குச் சற்று மேலே நிற்கும், கணக்கிட எளிதான ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டான்.

```
1.35⁵ = 4.484
M     = 3/(8 · 4.484) = 0.0836
|R2|  ≤ 0.0836/6 · 0.0575³ = 0.00000265
```

ஆயிரம் அடிக்கு 0.81 மில்லிமீட்டர். உண்மையான பிழை 0.686. வரம்பு சுமார் 18 சதவீதம் பெரிது, ஆனால் உறுதியானது. 1.35-க்குப் பதில் 1.3 எடுத்திருந்தால் வரம்பு 0.98 ஆகியிருக்கும். 1.37 எடுத்திருந்தால் 0.75-க்கு இறங்கியிருக்கும். M-ஐ நெருக்கமாகத் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்ப பெருக்கும் வேலை கூடும். மில்லிமீட்டரில் இரண்டாம் இலக்கம் தேவையில்லை என்றால் 1.35 போதும்.

உண்மையான பிழை நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். வர்க்கமூலத்தில் ஒரு வசதி, விடையைப் பெருக்கிச் சரிபார்க்கலாம். 1.379313673-ஐத் தன்னோடு பெருக்கினால் 1.9025062 வருகிறது. கூடுதலாக வந்த 0.0000062-ஐ மூலத்தின் இருமடங்கால் வகுத்தால் பிழை ஏறத்தாழ 0.00000225. மற்றச் சார்புகள் பலவற்றில் இந்த வசதி கிடைக்காது. அங்கே அசமன்பாடு ஒன்றே துணை.

லெக்ராஞ்சி முறைக்கு வேறு எதுவும் ஈடுகொடுக்க முடியாத இடம், ஓர் இடைவெளி முழுவதற்கும் ஒரே வரம்பு தேவைப்படும் இடம். 1.69-லிருந்து 2.25 வரை எந்த எண்ணுக்கும், அதாவது மூலம் 1.3-க்கும் 1.5-க்கும் இடையில் இருக்கும்போது, இதே இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பயன்படுத்தப்போகிறோம் என்று வையுங்கள். மிக மோசமான M இடக்கோடியில், 1.69-இல் இருக்கிறது, மதிப்பு 0.101. மிக நீண்ட தூரம் வலப்பக்கம், 0.29. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வரம்பு 0.00041. ஆனால் மோசமான M ஒரு பக்கத்திலும் நீண்ட தூரம் மறுபக்கத்திலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை. இடப்பக்கத்தைத் தனியாகவும் வலப்பக்கத்தைத் தனியாகவும் கணக்கிட்டால் முறையே 0.00033, 0.00028 வருகின்றன. பெரியதை எடுத்துக்கொண்டால், இடைவெளி முழுவதற்கும் 0.00034 என்று துணிந்து எழுதலாம். இப்படிப் பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சைன், கொசைன் சார்புகளில் இந்த முறை இன்னும் எளிது. எத்தனையாவது வகைக்கெழு எடுத்தாலும் அதன் அளவு 1-ஐத் தாண்டாது என்பதால் M = 1 என்று உடனே எழுதலாம். அங்கே மாணவர்கள் ஒரு லாபத்தைக் கைவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். x − x³/6 என்பது சைனின் மூன்றாம் படி மட்டுமல்ல, நான்காம் படியும் அதுதான். X⁴-இன் கெழு பூச்சியம். அதை நான்காம் படியாக எடுத்துக்கொண்டால் வரம்பு x⁵/120. 10 பாகைக்கு இது 0.00000135. மூன்றாம் படி என்று எடுத்து x⁴/24 என்று எழுதினால் 0.0000387. அதே பல்லுறுப்புக்கோவைக்கு ஏறத்தாழ 29 மடங்கு பெரிய வரம்பு. x-ஐ ரேடியனில், 0.1745 என்றுதான் இட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

## குறி மாறும் தொடர்: அடுத்த உறுப்பே வரம்பு

உறுப்புகள் கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வந்து, அளவில் தொடர்ந்து குறைந்து பூச்சியத்தை நெருங்கினால், விட்டுப்போன முதல் உறுப்பைத் தாண்டிப் பிழை போகாது. வகைக்கெழு வேண்டாம், M வேண்டாம். அதோடு, பிழை எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். விட்டுப்போன உறுப்பு கூட்டல் என்றால் நம் விடை உண்மையைவிடக் குறைவு.

ஆனால் நம் கணக்கில் இது பொருந்தவில்லை. 1.96-லிருந்து இடப்பக்கம் போனால் முதல் உறுப்புக்குப் பிறகு வருபவை எல்லாமே கழித்தல். ஒன்றின் பிழையை அடுத்தது சரிக்கட்டுவதில்லை, எல்லாம் ஒரே பக்கம் சேர்கின்றன. இங்கே "அடுத்த உறுப்பு" என்று எழுதினால் வருவது அந்தப் பெண்ணின் 0.67-தான். அவள் லெக்ராஞ்சி விதியில் செய்த தவறும், குறி மாறாத தொடரில் அடுத்த உறுப்பை வரம்பாகச் சொல்லும் தவறும் எண்ணளவில் ஒன்றே. இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன்; எனக்கும் அது மகிழ்ச்சியான நிமிடம்.

மையத்தை மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது. 1.37-இன் வர்க்கம் 1.8769. இங்கிருந்து 1.9025-க்கு வலப்பக்கமாக 0.0256 தூரம்தான். இப்போது குறிகள் மாறி மாறி வருகின்றன.

```
1.37 + 0.0256/2.74 − 0.0256²/(8·1.37³) = 1.3793112
அடுத்த உறுப்பு: 0.0256³/(16·1.37⁵) = 0.000000217
```

ஆயிரம் அடிக்கு வரம்பு 0.066 மில்லிமீட்டர். உண்மையான பிழையும் இரண்டு இலக்கத்துக்கு அதே 0.066. விடை உண்மையைவிடக் குறைவு என்பதும் தெரிகிறது.

பையன் ஆர்வத்தில் இதே மையத்துக்கு லெக்ராஞ்சி வரம்பையும் போட்டுப் பார்த்தான். அதே எண் வந்தது. இது தற்செயல் இல்லை. வலப்பக்கம் நடக்கும்போது மூன்றாம் வகைக்கெழு இறங்குகிறது. உச்சம் மையத்திலேயே இருக்கிறது. மையத்தில் எல்லா மதிப்பும் நமக்குத் தெரியும். ஆகவே M-ஐத் தேடும் சிக்கலே இல்லை. வர்க்கமூலத்துக்கு மையத்தைத் தேடும்போது நம் எண்ணுக்குக் கீழே இருக்கும் வர்க்கத்தைப் பிடிப்பது நல்லது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

தொலைவான மையத்திலும் குறி மாறும். ஆனால் உறுப்புகள் மெல்லக் குறையும். மையத்தை 1 என்று வைத்தால் தூரம் 0.9025. அடுத்த உறுப்பு 0.0459, ஆயிரம் அடிக்கு 14 மீட்டர். உறுதியான வரம்புதான், ஆனால் தெப்பக்குளத்தின் படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். தூரம் மையத்தின் மதிப்பைத் தாண்டினாலோ, உதாரணமாக 1-லிருந்து √3-க்குப் போக முயன்றாலோ, உறுப்புகள் 1, 1, 0.5, 0.5, 0.625, 0.875 என்று மறுபடி வளரத் தொடங்கும். குறைகிறதா என்று பார்க்காமல் குறி மாறுவதை மட்டும் பார்ப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

## பெருக்குத் தொடரால் வாலைக் கட்டுவது

குறி மாறாத தொடருக்கும் வகைக்கெழு இல்லாமல் வரம்பு போட ஒரு வழி உண்டு. விட்டுப்போன உறுப்புகளில் ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். அந்தப் பங்கு எப்போதும் r-ஐத் தாண்டாது, r ஒன்றைவிடச் சிறியது என்றால், வால் முழுவதும் சேர்ந்தாலும் முதல் உறுப்பை (1 − r)-ஆல் வகுத்த அளவைத் தாண்டாது.

√x-இல் அந்தப் பங்கு எப்போதும் தூரம்/மையம் என்பதைவிடச் சிறியது. 1.96 மையத்தில் r = 0.0575/1.96 = 0.0293. அடுத்த உறுப்பு 0.000002209. அதை 0.9707-ஆல் வகுத்தால் 0.000002276, ஆயிரம் அடிக்கு 0.694 மில்லிமீட்டர். உண்மை 0.686. பையனின் வரம்பைவிட எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். அந்தப் பெண்ணின் 0.67-ஐ 0.9707-ஆல் வகுத்திருந்தால் அவள் விடை உறுதியான வரம்பாகவே ஆகியிருக்கும்.

இதற்கும் செலவு உண்டு. தொடரின் பொது உறுப்பு தெரிய வேண்டும். விகிதம் எல்லா உறுப்புகளுக்கும் r-க்குள் அடங்கும் என்று காட்ட வேண்டும். முதல் இரண்டு உறுப்புகளின் விகிதத்தை மட்டும் எடுத்து அதையே r என்று வைத்தால் பிசகும். √X-இல் விகிதம் போகப் போக ஏறுகிறது. மேலும், r ஒன்றை நெருங்கினால் இந்த முறை உதவாது. மையம் 1 என்றால் r = 0.9025; வரம்பு 144 மீட்டருக்குப் போய்விடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கீழே இருப்பவை அனைத்தும் இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவைக்கு, ஆயிரம் அடி அளவில்.

| மையத்தின் வர்க்கமூலம் | உண்மைப் பிழை | லெக்ராஞ்சி | குறி மாறும் தொடர் | பெருக்குத் தொடர் |
|---|---|---|---|---|
| 1.4 | 0.686 மி.மீ. | 0.81 மி.மீ. | பொருந்தாது | 0.694 மி.மீ. |
| 1.37 | 0.066 மி.மீ. | 0.066 மி.மீ. | 0.066 மி.மீ. | 0.067 மி.மீ. |
| 1 | 9.1 மீட்டர் | 14 மீட்டர் | 14 மீட்டர் | 144 மீட்டர் |

வரிசைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் பத்திகளுக்கு இடையே இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. எந்த முறை என்று யோசிப்பதற்கு முன் எந்த மையம் என்று யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## நான் எதை எடுப்பேன்

ஒரே ஒரு புள்ளி, குறி மாறுகிறது, உறுப்புகள் குறைகின்றன என்றால் இரண்டாவது முறையை எடுப்பேன். நிபந்தனைகள் இரண்டையும் ஒரு வரியில் எழுதிவிட்டு. ஒரே புள்ளி, ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே குறி, மையம் அருகில் இருக்கிறது என்றால் பெருக்குத் தொடர். e^(−x²) போன்றவற்றுக்கும் வகைக்கெழுப் பக்கம் போகமாட்டேன். நான்காவது, ஐந்தாவது வகைக்கெழு எடுப்பதற்குள் பக்கம் நிரம்பிவிடும். e^t-இன் தொடரில் t-க்குப் பதில் −x² இட்டு, குறி மாறுவதைப் பயன்படுத்துவதே சுருக்கம்.

ஓர் இடைவெளி முழுவதற்கும் வரம்பு வேண்டும், அல்லது வகைக்கெழுவுக்கு எளிய உச்சம் உண்டு என்றால் லெக்ராஞ்சி. தொடரின் பொது உறுப்பு தெரியாமல் இரண்டு மூன்று வகைக்கெழுக்கள் மட்டும் தெரிந்தாலும் அதுதான் வழி.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொன்னேன். இந்த வரம்புகள் எல்லாம் பல்லுறுப்புக்கோவையின் பிழைக்கு மட்டும். 1000 அடி என்ற அளவிலேயே ஓர் அடி கூடக்குறைய இருந்தால் மூலைவிட்டம் 0.725 அடி, ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் மாறும். தெப்பக்குளத்தின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்லிவிட்டு மூலைவிட்டத்தை மில்லிமீட்டரில் அறிவிக்க முடியாது. முன்கூட்டியே இதைப் பார்த்திருந்தால் இரண்டாம் படிகூடத் தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். 1.38-இன் வர்க்கம் 1.9044, நம் எண்ணுக்கு 0.0019 தூரம்தான். முதல் படியோடு நிறுத்தியிருந்தாள்: 1.38 − 0.0019/2.76 = 1.3793116. இடப்பக்கம் நடப்பதால் உச்சம் மையத்தில் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதி, 1.37-இல் இரண்டாம் வகைக்கெழுவை எடுத்து, வரம்பு 0.054 மில்லிமீட்டர் என்று முடித்திருந்தாள்.